அம்மாவின் சளியை வெளியே எடுக்க எந்த வழி: தலை தாழப் படுப்பதா, தட்டுவதா, கருவி வாங்குவதா?

அன்புள்ள குடும்பத்தாருக்கு,

வணக்கம். போன வாரம் அம்மாவைப் பார்க்க வந்தபோது ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, ஆஸ்பத்திரியில் செய்த மாதிரியே தலை தாழப் படுக்க வைக்கலாம் என்றார் அப்பா. வேலைக்குப் போகும் முன்னும் வந்த பிறகும் முதுகைத் தட்டிவிடுகிறேன் என்றார் மருமகள். ஊதினால் அதிர்ந்து சளியை இளக்கும் கருவி ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருப்பதாக மகன் சொன்னார். மூன்றுமே உண்மையான சிகிச்சை முறைகள்தான். ஆனால் அம்மாவுக்கு எது, எந்த அளவுக்கு என்பதை நின்ற நிலையில் பேசி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டிலை உயர்த்த வேண்டாம். சமமான படுக்கையில் வலது பக்கமாகப் படுத்து, நான் சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியைக் காலையில் செய்வதுதான் அம்மாவுக்கு முதன்மைச் சிகிச்சை. தட்டுவது, அவர் சோர்ந்துபோகும் நாட்களுக்கான துணை. கருவியை இப்போதைக்கு வாங்க வேண்டாம், ஒரு மாதம் கழித்து யோசிக்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரிந்தால்தான் நான் இல்லாத நாட்களிலும் நீங்களே சரியாக முடிவெடுப்பீர்கள்.

முதலில் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அம்மாவுக்கு முப்பது வருடங்களுக்கு முன் வந்த காசநோய் அப்போதே குணமாகிவிட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற தழும்பில் இடது நுரையீரலின் அடிப்பகுதியில் சில மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து தொளதொளத்துப் போயிருக்கின்றன. சிடி ஸ்கேனில் டாக்டர் பிராங்கியெக்டேசிஸ் என்று எழுதியிருப்பது இதைத்தான். இது அபூர்வமான நோய் இல்லை. இந்தியாவில் இந்த நோய் உள்ள 2,195 பேரின் விவரங்களைத் தொகுத்து 2019ல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்குப் பழைய காசநோய்தான் காரணமாக இருந்தது.

நல்ல மூச்சுக்குழாயின் உள்சுவரில் மிக நுண்ணிய மயிரிழைகள் இருக்கும். அவை ஓயாமல் அசைந்து, சளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டைப் பக்கம் ஏற்றிக்கொண்டே இருக்கும். நாமும் தெரியாமலே அதை விழுங்கிவிடுவோம். அம்மாவின் விரிந்த குழாய்களில் அந்த இழைகள் சிதைந்துவிட்டதால் சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமி வளர்கிறது, கிருமியால் குழாய்ச் சுவர் மேலும் புண்ணாகிறது, புண்ணான சுவர் இன்னும் சளி சுரக்கிறது. குழாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து கிடையாது. தேங்க விடாமல் தினமும் வெளியே எடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது. அதனால் சளி அதிகமாக இருக்கும் நாட்களில் மட்டும் செய்துவிட்டு, நன்றாக இருக்கும்போது விட்டுவிடுவது இந்த நோய்க்குச் சரிப்படாது.

இப்போது அப்பா சொன்ன முறைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் இதைப் போஸ்சுரல் டிரெய்னேஜ் என்பார்கள். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்ற அதே கணக்குதான். சளி தேங்கிய குழாயின் வாய் கீழே பார்க்கும்படி உடம்பை வைத்தால், புவியீர்ப்பே சளியைப் பெரிய குழாய்க்குக் கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து இருமி வெளியேற்றலாம். லண்டனில் வில்லியம் எவார்ட் என்ற மருத்துவர் 1901லேயே பிராங்கியெக்டேசிஸ் நோயாளிகளுக்கு இதை எழுதிவைத்திருக்கிறார்.

நுரையீரலின் ஒவ்வொரு பகுதியின் குழாயும் ஒவ்வொரு திசையைப் பார்த்துப் போகிறது. அதனால் நிலையும் பகுதிக்குப் பகுதி மாறும். மேல் பகுதியில் நோய் இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்தாலே போதும், சளி தானாகக் கீழே இறங்கும். பலருக்குக் காசநோய்த் தழும்பு மேல் பகுதியில் இருந்தும் அதிகச் சளி தேங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அம்மாவுக்கு நோய் இடது அடிப்பகுதியின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் இருக்கிறது. உட்கார்ந்தாலும் நின்றாலும் அங்குள்ள சளி மேல்நோக்கி ஏற வேண்டும். எனவே பாடப்புத்தகப்படி, வலது பக்கமாகப் படுத்து, கட்டிலின் கால்மாட்டைப் பதினெட்டு அங்குலம் உயர்த்த வேண்டும். ஆஸ்பத்திரியில் அப்பா பார்த்தது அதைத்தான்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினெட்டு அங்குலம் என்றால் கிட்டத்தட்ட முழங்கால் உயரம். அந்தச் சரிவில் படுத்தால் வயிற்றில் உள்ளது தொண்டைப் பக்கம் வரும். அம்மாவுக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருக்கிறது, அதற்கு மாத்திரையும் சாப்பிடுகிறார். புளித்த நீர் தொண்டைக்கு ஏறி, அதில் துளி மூச்சுக்குழாய்க்குள் போனாலும் நாம் காப்பாற்ற நினைக்கும் அதே இடம்தான் புண்ணாகும். அதோடு தலை தாழும்போது வயிறும் குடலும் உதரவிதானத்தை அழுத்துவதால் மூச்சு வாங்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலைக்கு ரத்தம் ஏறுவது போன்ற அவதியும் சேரும். இதயம் பலவீனமானவர்கள், அண்மையில் கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், சளியில் ரத்தம் வருபவர்கள் ஆகியோரையும் இந்த நிலையில் வைக்கக் கூடாது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்யலாம் என்று பேச்சு இருப்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

சரி, சரிவு இல்லாமல் சமமாகப் படுத்தால் பலன் பாதியாகக் குறைந்துவிடாதா? அப்பா கேட்ட கேள்வி இதுதான். இதையே ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்து 1999ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே நோயாளிகளை ஒரு நாள் தலை தாழ்த்தியும் ஒரு நாள் சமமாகவும் படுக்க வைத்து, அதே மூச்சுப் பயிற்சியைச் செய்யச் சொல்லி, வந்த சளியை எடை போட்டார்கள். எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சமமாகப் படுத்தபோது மூச்சு வாங்குவது குறைந்தது, பெரும்பாலோர் அதையே விரும்பினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் அம்மாவைப் போன்றவர்களிடம் நான் காண்பதும் அதுவே.

அதற்காக எப்படி இருந்தாலும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூசிலாந்தில் 2007ல் வந்த ஓர் ஆய்வில், மூச்சுப் பயிற்சியோடு படுக்கை நிலையையும் சேர்த்தபோது, மூச்சுப் பயிற்சி மட்டும் செய்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சளி வந்தது. ஆகவே நிலை முக்கியம்தான். அம்மா வலது பக்கம் படுக்கும்போது இடது நுரையீரல் மேலே வருகிறது. மேலே இருக்கும் நுரையீரல் சற்று விரிந்தே இருக்கும், அதன் குழாய்களும் திறந்தே இருக்கும், பக்கவாட்டுக் குழாய்களின் சளி நடுப்பக்கம் நோக்கி இறங்கவும் வழி கிடைக்கும். உட்கார்ந்த நிலையில் மேலேற வேண்டியிருந்த சளிக்கு இப்போது ஏற்றம் இல்லை. மீதி வேலையை மூச்சு பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது தட்டுவது. மருமகளின் அக்கறையைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்தது. அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவர் கையால்தான் இது நடக்கப்போகிறது.

தட்டுவதால் சளி வெளியே வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தட்டும்போது உண்டாகும் அதிர்வு, குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் சளியை அசைத்து விடுவிக்க உதவும், அவ்வளவுதான். விடுபட்ட சளியை வெளியே தள்ள வேகமாக வெளிவரும் காற்று தேவை. அந்தக் காற்று அம்மாவின் மூச்சிலிருந்துதான் வர வேண்டும். பத்து நிமிடம் தட்டிவிட்டு அம்மாவை அப்படியே எழுப்பி உட்கார வைத்தால், அசைந்த சளி பழைய இடத்திலேயே தங்கிவிடும். சொன்னபடி மூச்சை இழுத்து விடத் தெரிந்த பெரியவர்களிடம், நல்ல மூச்சுப் பயிற்சிக்கு மேல் தட்டுவதையும் சேர்த்ததால் பெரிய கூடுதல் பலன் கிடைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. கைக்குழந்தைகள், சொன்னபடி மூச்சுவிட முடியாதவர்கள், காய்ச்சலில் துவண்டு கிடப்பவர்கள் ஆகியோருக்குத்தான் தட்டுவதன் பயன் அதிகம். அம்மா காய்ச்சலில் துவளும் நாட்கள் வரும், அன்று மருமகளின் கை வேண்டும்.

கையை எப்படி வைப்பது என்று மறுபடி எழுதுகிறேன். கோயிலில் தீர்த்தம் வாங்கக் கையைக் குவிப்பது போல் குவித்து, அப்படியே கவிழ்த்துக்கொள்ளுங்கள். விரல்களும் கட்டைவிரலும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் குழிக்குள் அடைபட்ட காற்றுதான் அதிர்வைக் கடத்துகிறது, கையின் பலம் இல்லை. தோளும் முழங்கையும் தளர்வாக இருக்கட்டும், மணிக்கட்டு மட்டும் ஆடட்டும். இரண்டு கைகளாலும் மாற்றி மாற்றி, சீரான வேகத்தில் தட்டலாம். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். அம்மாவின் சங்கிலியும் தட்டும் இடத்தில் படாமல் இருக்கட்டும். வெறும் உடம்பில் தட்ட வேண்டாம். மெல்லிய துண்டை ஒரு மடிப்பு மடித்துப் போட்டால் போதும், கனமான டர்க்கி டவல் அதிர்வைத் தின்றுவிடும்.

சரியாகத் தட்டுகிறோமா என்று காது சொல்லும். ‘டொப், டொப்’ என்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் சரி. ‘சப், சப்’ என்று அறைவது போல் கேட்டால் கை தட்டையாகிவிட்டது என்று அர்த்தம். முடித்தபின் துண்டை எடுத்துப் பாருங்கள், தோலில் விரல் தடம் பதிந்து சிவந்திருந்தாலும் அதே தவறுதான். அம்மாவுக்கு ஒரு துளிகூட வலிக்கக் கூடாது. ‘நல்லா அழுத்தித் தட்டு’ என்று அவரே கேட்டாலும் அழுத்த வேண்டாம். அறுபதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பு தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு, அம்மாவுக்கு இதுவரை எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுத்ததில்லை. விலா எலும்பில் கீறல் விழுந்தால் வலியால் ஆழ மூச்செடுக்க முடியாமல், சளி இன்னும் தேங்கும்.

தட்ட வேண்டிய இடம், இடது தோள்பட்டை எலும்பின் கீழ் முனையிலிருந்து கடைசி விலாவுக்கு மேல் வரை, முதுகுப்புறமும் பக்கவாட்டும். முதுகெலும்பின் மேல் தட்டக் கூடாது. விலாவுக்குக் கீழே இடுப்புப் பக்கம் சிறுநீரகம் இருக்கிறது, அங்கேயும் கூடாது. முன்பக்கம் மார்பின் மேலும் நெஞ்செலும்பின் மேலும் வேண்டாம். மூன்று நான்கு நிமிடம் தட்டிவிட்டு நிறுத்துங்கள். அம்மா சாதாரணமாக மூச்சுவிட்டு ஓய்வெடுக்கட்டும், பிறகு மூச்சுப் பயிற்சியின் அடுத்த படிக்குப் போகலாம். இடைவெளி விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் சிலருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். தட்டும்போது அம்மா ஆழ்ந்து மூச்செடுப்பதும், நடுவில் ஓய்வும் இருந்தால் அந்தச் சிக்கல் வராது.

அம்மா ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எதையாவது பிற்பாடு தொடங்கினால் எனக்குச் சொல்லுங்கள். அப்போது தட்டுவதை நிறுத்த வேண்டியிருக்கும்.

அடுத்து, உங்களில் யாரும் கணக்கில் சேர்க்காத நான்காவது வழி. அம்மாவுக்கு நான் சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியைச் சும்மா பொழுதுபோக்கு என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பார்த்தால் அப்படித்தான் தெரியும்: கருவி இல்லை, சத்தம் இல்லை, யாரும் எதுவும் செய்வதாகவே தெரியாது. ஆனால் சளியை உண்மையில் வெளியே கொண்டுவருவது இதுதான். பிரிட்டனின் நெஞ்சு மருத்துவர் சங்கம் 2019ல் வெளியிட்ட பிராங்கியெக்டேசிஸ் வழிகாட்டுதலிலும் முதலில் சொல்லிக்கொடுக்கச் சொல்வது இந்தச் சுழற்சி மூச்சுப் பயிற்சியை அல்லது அதிரும் கருவியைத்தான். தலை தாழ்த்தக் கூடாதவர்களுக்குச் சமப் படுக்கையைப் பயன்படுத்தலாம் என்றும் அதில் இருக்கிறது.

இதில் மூன்று படிகள். முதலாவது, தோளைத் தளர்த்தி, வயிறு மெல்ல எழுந்து தாழும்படி சாதாரண மூச்சு. இரண்டாவது, மூக்கு வழியாக மெதுவாக ஆழ இழுத்து, மூன்று எண்ணும் வரை நிறுத்தி, பெருமூச்சு போல் தானாக வெளியே விடுவது. இது மூன்று நான்கு முறை. அந்த நிறுத்தம் ஏன் என்றால், அடைத்திருக்கும் சளியைச் சுற்றிப் பக்கத்துக் கண்ணறைகள் வழியாகக் காற்று நுழைந்து சளிக்குப் பின்னால் போய்ச் சேர அந்த நேரம் தேவை. பின்னால் காற்று இருந்தால்தான் முன்னால் தள்ள முடியும். மூன்றாவது, ஹஃப். வாயை ‘ஆ’ என்று நீளவாக்கில் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுகிற விதத்தில் ‘ஹா’ என்று காற்றைத் தள்ளுவது. தொண்டை மூடக் கூடாது, வயிற்றுத் தசையிலிருந்து வர வேண்டும்.

இருமினால் போதாதா என்று அம்மாவே கேட்டார். இருமும்போது தொண்டை ஒரு கணம் மூடி, உள்ளே அழுத்தம் கூடி, பிறகு வெடித்துத் திறக்கிறது. தொளதொளத்த குழாய்கள் அந்த அழுத்தத்தில் சப்பிப்போய்விடும். சளி அந்தச் சப்பலுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். இரவில் அம்மா விடாமல் இருமி, கண்ணில் நீர் வந்து, கடைசியில் ஒன்றும் வராமல் களைத்து உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். ஹஃப் செய்யும்போது தொண்டை திறந்தே இருப்பதால் குழாய் அவ்வளவு சப்பாது, காற்றோடு சளியும் நகரும்.

ஹஃப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அடியில் இருக்கும் சளிக்கு நடுத்தர மூச்சு இழுத்து, நீளமாக, ரொம்ப வேகமில்லாமல் தள்ள வேண்டும். சளி மேலே வந்துவிட்டால் நெஞ்சின் மேல் பக்கத்தில் ‘கறகற’ என்று அவருக்கே தெரியும். அப்போது மூச்சை நிறைய இழுத்து, குறுகிய வேகமான ஹஃப். அதோடு ஒரு இருமல், துப்பிவிடலாம். அம்மா இப்போது எல்லாவற்றையும் வேகமாகவே செய்கிறார். ஹஃப் செய்யும்போது விசில் மாதிரி ‘வீ’ என்ற சத்தம் வந்தால் அளவுக்கு மீறித் தள்ளுகிறார் என்று அர்த்தம். மெதுவாக்கச் சொல்லுங்கள், நடுவில் சாதாரண மூச்சின் நேரத்தைக் கூட்டுங்கள்.

மகன் பார்த்து வைத்திருக்கும் கருவியைப் பற்றிக் கொஞ்சம். அவர் போனில் காட்டிய இரண்டு படங்களில் ஒன்று மூன்று பந்து உள்ள கருவி. அது காற்றை உள்ளே இழுத்துப் பந்தை உயர்த்துவதற்கானது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆழ மூச்செடுக்கப் பழக்குவதற்காகக் கொடுப்பார்கள். சளியை வெளியேற்ற அது உதவாது, வாங்க வேண்டாம். இரண்டாவது படம் சரியானது. அதில் காற்றை வெளியே ஊதினால் உள்ளே ஒரு சிறு தடை விட்டுவிட்டு அடைத்துத் திறந்து, நெஞ்சுக்குள் அதிர்வை உண்டாக்கும். ஊதும்போது தடை இருப்பதால் குழாய்களும் திறந்தே இருக்கும். எடின்பரோவில் 2009ல் வந்த ஓர் ஆய்வில் பிராங்கியெக்டேசிஸ் உள்ள இருபது பேர் இதைத் தினம் இருமுறை மூன்று மாதம் பயன்படுத்தியபோது இருமல் தொந்தரவு நன்றாகவே குறைந்தது. நான் முன்பு சொன்ன நியூசிலாந்து ஆய்விலும், அதிகச் சளி எடுத்தது படுக்கை நிலை என்றாலும், அதிகம் பேர் விரும்பியது ஊதும் கருவியைத்தான்.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? அதை ஊதிய பிறகும் ஹஃப் செய்தாக வேண்டும். ஹஃப் சரியாக வராதவருக்குக் கருவி வாங்கிக் கொடுத்தால், ஊதிவிட்டு வேலை முடிந்தது என்று வைத்துவிடுவார். இன்னொன்று சுத்தம். ஒவ்வொரு முறையும் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, முழுக்கக் காய வைத்து, கருவியோடு வந்த தாளில் சொன்னபடி கிருமி நீக்க வேண்டும். ஈரம் தங்கிய கருவியில் வளரும் சில கிருமிகள் அம்மாவின் குழாய்களில் குடியேறினால் விரட்டுவது மிகக் கடினம். தண்ணீர் பாட்டிலில் குழாய் போட்டு ஊதிக் குமிழி விடும் முறையை இதே காரணத்துக்காகவே அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. ஒரு மாதம் மூச்சுப் பயிற்சி நடக்கட்டும். ஹஃப் கைவந்த பிறகும் அம்மாவுக்குப் படுத்துச் செய்வது சலிப்பாகவோ கஷ்டமாகவோ இருந்தால், அல்லது ஊருக்குப் போகும்போது வசதிக்காக, அப்போது வாங்குவோம். எந்த மாதிரி என்று நானே சொல்கிறேன். சிலவற்றைக் குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால்தான் வேலை செய்யும், சிலவற்றைப் படுத்தும் பயன்படுத்தலாம்.

இப்போது ஒரு காலைப் பொழுது எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறேன். அம்மா ஆறு மணிக்கு எழுகிறார். பல் தேய்த்து, வெந்நீர் குடித்து, டாக்டர் எழுதிக் கொடுத்த மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரை எடுக்கட்டும். அது வேலை செய்யக் கால் மணி நேரம் ஆகும். காப்பி, டிபன் எல்லாம் பயிற்சிக்குப் பிறகுதான். சாப்பிட்டுவிட்டால் இரண்டு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

ஆறரை மணிக்கு வலது பக்கமாகப் படுக்கட்டும். தலைக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்கால்களையும் மடக்கி நடுவில் ஒரு தலையணை. இடது கையை முன்னால் நீட்டி இன்னொரு தலையணையைக் கட்டிக்கொள்ளட்டும். எச்சில் துப்ப, மூடியுள்ள ஒரு கிண்ணம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சாதாரண மூச்சு ஒரு நிமிடம், ஆழ்ந்த மூச்சு மூன்று நான்கு, மறுபடி சாதாரண மூச்சு, பிறகு ஒன்றிரண்டு ஹஃப், மறுபடி ஓய்வு. இது ஒரு சுற்று. எட்டு பத்து நிமிடம் இப்படிப் போன பிறகு, கட்டிப்பிடித்த தலையணையின் மேல் சாய்ந்து பாதி குப்புறப் படுக்கட்டும். பின்புறக் குழாய்களுக்கு இந்த நிலை. அதிலும் எட்டு பத்து நிமிடம். சளியைத் துப்ப வேண்டியிருந்தால் எழுந்து உட்கார்ந்து துப்பலாம், தவறில்லை. விழுங்கத்தான் வேண்டாம்.

அடுத்தடுத்து இரண்டு சுற்றுகளில் ஹஃப் செய்யும்போது ‘கறகற’ இல்லாமல் வறண்டு கேட்டால், சளியும் வராவிட்டால், அன்றைய வேலை முடிந்தது. அது பத்து நிமிடத்திலேயே நடந்தாலும் சரி. அரை மணிக்கு மேல் இழுக்க வேண்டாம், களைப்புதான் மிஞ்சும். முடித்தபின் வாய் கொப்பளித்து, ஸ்டீராய்டு இன்ஹேலர் இருந்தால் அப்போது எடுக்கட்டும். சளி நீங்கிய குழாயில்தான் மருந்து சரியாகப் படியும். மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன், உட்கார்ந்தபடியே பத்து நிமிடம் இதே சுற்றுகள் போதும். மருமகள் களைத்து வரும் நேரத்தில் அவரையும் சிரமப்படுத்த வேண்டியதில்லை.

கிண்ணத்தில் வந்ததைத் தினமும் ஒரு கண் பாருங்கள். அம்மாவுக்கு வழக்கமாகக் காலையில் வருவது வெள்ளை அல்லது லேசான மஞ்சள், ஏறக்குறைய ஐந்து டீஸ்பூன் அளவு, அதாவது 25 மில்லி. பயிற்சி தொடங்கிய முதல் வாரத்தில் அளவு கூடலாம். தேங்கியது வருகிறது, பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று நாளாக அளவு மிகவும் கூடி, பச்சையாகவோ கெட்டியாகவோ மாறி, கூடவே காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருந்தால் கிருமித் தொற்று வந்திருக்கிறது. டாக்டரிடம் போகும்போது, மருந்துக் கடையிலிருந்து வாங்கிய மூடிய சுத்தமான டப்பாவில் காலைச் சளியைக் கொண்டுபோங்கள். பழைய காசநோய் இருப்பதால், காசநோய்க் கிருமிக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருமகள் தட்டிவிட வேண்டிய நாட்கள் இவைதான். அப்போது காலை, மாலை, தேவைப்பட்டால் மதியமும் சுருக்கமாக மூன்று முறை செய்யலாம்.

பயிற்சியின்போது தலைசுற்றல் வந்தால் ஆழ்ந்த மூச்சை வரிசையாக அதிகம் எடுத்துவிட்டார் என்று பொருள், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் அம்மாவுக்கு வழக்கமாக 95 காட்டுகிறது. பயிற்சிக்கு நடுவே 90க்குக் கீழே போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே நிறுத்தி உட்கார வையுங்கள். சில நிமிடத்தில் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சளியில் ரத்தம் வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நூல் மாதிரி கீற்றாக வந்தால் தட்டுவதை நிறுத்திவிட்டு அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். ஒரு ஸ்பூன் அளவோ அதற்கு மேலோ சிவப்பு ரத்தமாக வந்தால் பயிற்சி, படுக்கை நிலை எல்லாவற்றையும் நிறுத்தி உடனே 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை படுக்க வேண்டியிருந்தால் இடது பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். தினமும் நாம் படுக்க வைக்கும் பக்கத்துக்கு இது நேர் எதிர். இடது நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் நல்ல வலது நுரையீரலுக்குள் இறங்காமல் இருக்கத்தான் இப்படி. பதற்றத்தில் பழக்கதோஷமாக வலது பக்கம் படுக்க வைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. அதனால் கட்டிலுக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அப்பாவிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். காலையில் அம்மா படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சை நிறுத்தும்போது ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணட்டும், ‘வீ’ சத்தம் வந்தால் நினைவூட்டட்டும். அம்மா தனியாகச் செய்யும்போது அவசரப்படுகிறார், அப்பா எண்ணியபோது நிதானமாகச் செய்தார் என்பதை அன்றே பார்த்தேன். ஒரு நோட்டில் தேதி, சளியின் அளவு, நிறம், அன்று தட்டினீர்களா இல்லையா என்பதை மட்டும் அவரே குறித்துவரட்டும். அடுத்த மாதம் நான் வரும்போது அந்த நோட்டைப் பார்த்து, ஹஃப்பையும் ஒருமுறை செய்யச் சொல்லிக் கேட்டுவிட்டு, கருவி வேண்டுமா என்று முடிவு செய்வோம். அதற்குள் கண்புரை அறுவைக்குத் தேதி கொடுத்தால் முன்கூட்டியே எனக்குச் சொல்லுங்கள். ஹஃப் செய்வதையும் இருமுவதையும் எத்தனை நாள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கண் டாக்டரிடம் கேட்டு மாற்றி எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பிசியோதெரபிஸ்ட்